இருமல் தொடங்கிய நேரம்

செரண்டாவில் நான் கணக்கெழுதிய அலுவலகம் அலுவலகமாகக் கட்டப்பட்டதல்ல. பழைய கூட்டரசுச் சாலையிலிருந்து சுங்கை சோ பக்கம் உள்ளே திரும்பினால் வரும் ஒரு கிடங்கின் பின்பகுதி அது. ஜிப்சம் பலகையால் தடுத்து, சீலிங் போட்டு, சுவரில் வழவழப்பான வினைல் தாள் ஒட்டி, ஏர்கோன்களை மாட்டி, மேசை நாற்காலி போட்டுவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரிய, தகரக் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மலையோரம் என்பதால் மாலை நான்கு மணிக்கு அந்தச் சத்தம் பெரும்பாலும் கேட்கும்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் நனைந்த சாக்கை மூடிவைத்துத் திறந்த வாடை வரும். ஒன்பதரைக்குள் அது மூக்குக்குப் பழகிவிடும். கோப்பு அலமாரிகளுக்குப் பின்னால், கிடங்கை ஒட்டிய சுவரில், தாள் இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. அலமாரியில் பழைய ரசீதுக் கட்டுகளை எடுத்தால் அட்டையில் சாம்பல் நிறப் பொடி ஒட்டும். பூஞ்சணம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குப் பூஞ்சணம் புதிதா என்ன? ஆனால் லயத்தில் பலகைச் சுவர், திறந்த ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் இடையில் சந்து. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். இங்கே வந்த காற்று போக வழியில்லை.

2015இன் கடைசியில் புகைமூட்டம் ஓய்ந்த பிறகும் எங்கள் இருமல் ஓயவில்லை. அதைத் தொடர்ந்துதான் முதல் புகார்க் கடிதம் போனது. என்னோடு வேலை செய்த மலாய்த் தோழி ஒருத்தி ஆத்திரத்தோடு எழுதினாள், எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இந்த அலுவலகத்தின் விஷக் காற்றும் பூஞ்சணமும் எங்களைக் கொல்கின்றன, எல்லாரும் நோயாளிகள் ஆகிவிட்டோம் என்ற பொருளில் ஒரு பக்கம்.

மேலாளர் கெட்டவர் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். யார் யாருக்கு என்ன நோய் என்று கேட்டார். பூஞ்சணத்தால் வந்தது என்று எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டார். தன் வீட்டுக் குளியலறையிலும் பூஞ்சணம் இருக்கிறது, தனக்கு ஒன்றுமில்லையே என்றார். போன மாதம் வரைக்கும் சிலாங்கூர் முழுக்கப் புகையில் இருமியதே என்று முடித்தார். ஒருவரிடமும் பதில் இல்லை. மறுவாரம் மூலைக்கு ஒரு வாசனைப் புட்டியும், அலமாரிக்குப் பின்னால் ஒரு வாளி குளோராக்ஸும் வந்து சேர்ந்தன. இரண்டின் நெடியும் சேர்ந்து இருமலை அதிகமாக்கியதுதான் மிச்சம்.

பில்லிங்கில் இருந்த அக்காவுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்து, பிறகு பல ஆண்டு காணாமல் போயிருந்தது. இந்த அறைக்கு மாறிய பிறகு ராத்திரியில் இழுப்பு திரும்பி வந்துவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் அவரிடம் ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்றைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை முழுக்க இழுத்து ஒரே வேகத்தில் ஊதினால், காற்று வெளியே பாயும் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஊசி காட்டும். “வேலை இடத்தால் என்கிறாய், அதை நீயும் நானும் சொல்லக் கூடாது, தாள் சொல்லட்டும்” என்று டாக்டர் சொன்னாராம். எழுந்ததும், வேலையில் இருக்கும்போது, வீடு திரும்பியதும், படுக்கும் முன்பும் என்று நாளைக்கு நான்கு முறையாவது ஊத வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி அதில் பெரியதை எழுத வேண்டும். விடுமுறை நாளிலும் விடக் கூடாது. சில வாரம் தொடர்ந்து செய்ய வேண்டும். மருந்து எடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

அக்கா அதை என்னிடம் காட்டியபோது எனக்கு எங்கள் பாட்டி சொன்ன தோட்டத்து டிரெஸ்ஸர் நினைவுக்கு வந்தார். பெரட்டுக்கு வராதவன் டிஸ்பென்சரிக்குப் போனால், அவன் என்ன கதை சொன்னாலும் டிரெஸ்ஸர் கேட்டுக்கொள்வாராம். ஆனால் புத்தகத்தில் பெயர், தேதி, காய்ச்சல் எத்தனை பாகை என்று மட்டும் எழுதுவாராம். துரை வந்து புரட்டினால் அந்த எண்ணோடு வாதாட முடியாது. எங்களுக்கு வேண்டியதும் அப்படி ஒரு புத்தகம்தான் என்று தோன்றியது.

நான் கணக்கு ஆள். கட்டம் போடுவது எனக்குச் சோறு. தேதி, வந்த நேரம், உட்கார்ந்த இடம், என்ன உணர்ந்தார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, மருந்து, எம்.சி. இவ்வளவுதான் பத்திகள். காரணம் என்று ஒரு பத்தியை வேண்டுமென்றே போடவில்லை. “பூஞ்சணத்தால் தலைவலி” என்று எழுத ஆரம்பித்த தோழியிடம், தலைவலி எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதச் சொன்னேன். “அப்புறம் எப்படி அவருக்குப் புரியும்?” என்று கேட்டாள். ஒரு மாதத் தாளைச் சேர்த்து வைத்தால் தானே புரியும் என்றேன். அப்போது எனக்கே அது நிச்சயமில்லை.

அறிகுறிகளின் பட்டியலை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. வேலையிடப் பாதுகாப்புத் துறை, நம் ஊரில் எல்லாரும் ஜே.கே.கே.பி. என்று சொல்லும் அலுவலகம், 2010இல் உள்ளரங்கக் காற்றின் தரத்துக்கு ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. அதன் பின்னிணைப்பில் ஊழியர்களிடம் கேட்க ஒரு வினாத்தாள் உண்டு. தலைவலி, தலைபாரம், களைப்பு, கண் எரிச்சல், மூக்கடைப்பு, தொண்டை வறட்சி, இருமல், தோல் அரிப்பு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை என்று பதில். துறையே கேட்கும் கேள்விகளை எங்கள் தாளில் போட்டால், சொந்தமாகக் கிளப்பியது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா?

அதைவிட முக்கியமானது, ஒன்றும் இல்லாதவர்களையும் எழுத வைத்தது. தினமும் “இல்லை” என்று எழுதுவது அலுப்பான வேலை. கிடங்கில் சரக்கு ஏற்றும் அண்ணன்மார் சிரித்தார்கள். “எங்களுக்கு ஒன்னுமில்ல, எங்கள எதுக்கும்மா இழுக்கற?” என்றார் ஒருவர். அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் எங்களுக்குத் தேவையாக இருந்தது. அதே செரண்டாக் காற்று, அதே சாலைப் புகை, அதே மழை. புகைமூட்டம்தான் காரணம் என்றால் திறந்த கிடங்கில் நிற்பவர்கள் எங்களைவிட அதிகமாக இருமியிருக்க வேண்டும்.

யார் சிகரெட் பிடிக்கிறார், யார் வீட்டில் பூனை, யார் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் என்பதையும் தனியே குறித்தேன். நமக்குப் பாதகமான விஷயத்தை நாமே எழுதலாமா என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. எதிராளி கேட்கப்போகும் கேள்வியை நாம் முதலில் கேட்டுவிட்டால் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது என்பது கணக்குத் தணிக்கையில் நான் கற்றது. பெயர்களுக்குப் பதில் இருக்கைக்கு ஓர் எழுத்து கொடுத்தோம். யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது நிர்வாகத்தின் மேசையில் கிடக்க வேண்டிய விஷயமல்ல.

தாள்களைச் சேர்த்துப் பார்த்த சனிக்கிழமையில் எனக்கே கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. நான் எதிர்பார்த்தபடி எல்லாருக்கும் எல்லாமும் இல்லை. வாசலோரம் உட்கார்ந்த இருவருக்கு ஏறத்தாழ ஒன்றும் இல்லை. ஒருவருக்குத் தோல் அரிப்பு வீட்டிலும் இருந்தது, அதை ஒதுக்கிவைத்தோம். ஆனால் கிடங்குச் சுவரை ஒட்டிய வரிசையில் மூக்கடைப்பும் கண் எரிச்சலும் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தொடங்கி, வீடு போய்ச் சில மணி நேரத்தில் அடங்கின. தலைவலியும் தூக்கமும் வேறு வகை. அவை எல்லா வரிசையிலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கதவு சாத்தியே கிடக்கும் மூன்று மணி வாக்கில் வந்தன. ஒரு நோயென்று நாங்கள் நினைத்தது இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பதை அந்த நேரப் பத்திதான் பிரித்துக் காட்டியது. முதலாவது ஈரச் சுவரோடு சேர்ந்தது. இரண்டாவது காற்றோட்டம் இல்லாததோடு சேர்ந்தது.

அக்காவின் தாள் தனிக் கதை. ஞாயிறன்று 400ஐ ஒட்டி நின்ற எண், திங்கள் மாலை கொஞ்சம் இறங்கியது, புதன் வியாழனில் மாலைக்கு 310 வரை விழுந்தது. சனிக்கிழமை பாதி ஏறியது. ஹரிராயா விடுமுறையில் நன்றாக ஏறி அங்கேயே நின்றது. ஒரே நாளின் ஏற்ற இறக்கம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் டாக்டர்கள் கவனிக்கிறார்கள். சாதாரண ஆஸ்துமாவில் விடிகாலையில்தான் எண் மிகக் குறைவாக இருக்கும், பகலில் ஏறும். அக்காவுக்கு வேலை நாட்களில் அது தலைகீழாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வேலை நாட்களில் மூச்சுக்குழல் சுருங்குவதும் விடுமுறையில் தளர்வதும் தெரிகிறது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். பூஞ்சணம் என்ற சொல்லை அவர் எழுதவில்லை. ஊதும் குழாய்க்கு எங்கே மோசமாகிறது என்று தெரியும், எதனால் என்று தெரியாது என்றாராம்.

இரண்டாம் கடிதம் முதல் கடிதத்தைவிடச் சின்னது. எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை, எத்தனை அடி அகலத்துக்குத் திட்டு இருக்கிறது, தொட்டால் ஈரமா, எந்தத் தேதியில் படம் எடுத்தோம். பிறகு அறிகுறிகளின் சுருக்கம், வரிசை வாரியாக. டாக்டரின் இரண்டு வரி, அக்காவின் சம்மதத்தோடு. இதனால்தான் இது என்று எங்கும் சொல்லவில்லை. கேட்டது மூன்று. சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திறந்து பாருங்கள், வெளிக்காற்று உள்ளே வர வழி செய்யுங்கள், எப்போது செய்வீர்கள் என்று தேதி கொடுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் முதலாளியின் கடமை இருக்கிறது என்று ஒரு வரி. கிடங்கு ஆட்களையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் வரும் என்பதால் பாதுகாப்புக் குழு ஒன்று இருந்தாக வேண்டும், தாளில் இருக்கவும் செய்தது. நகல் அதற்கு. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு புகார் சொன்னதற்காக ஆளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்கிறது. அதைக் கடிதத்தில் எழுதவில்லை. பயந்துகொண்டிருந்த தோழிக்கு மட்டும் படித்துக் காட்டினேன்.

காற்றில் பூஞ்சணம் எவ்வளவு என்று பரிசோதனை கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். 2010 தொகுப்பில் ஒரு கன மீட்டர் காற்றில் வளரக்கூடிய பூஞ்சணத்துக்கு 1,000 என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் சில நிமிடம் காற்றை உறிஞ்சி, தட்டில் வளர்த்து எண்ணும் சோதனை அது. அந்தச் சில நிமிடத்தில் அலமாரி அசையவில்லை என்றால் எண் குறைவாக வரும். செத்துப்போன வித்துகள் தட்டில் முளைக்காது, ஆனால் மூக்கை அவையும் உறுத்தும். எண் 600 என்று வந்துவிட்டால் சுவர் கறுத்தே கிடந்தாலும் கோப்பு மூடப்படும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டி இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஓர் எண்ணைக் கொடுக்கவே இல்லை. ஈரத்தை நிறுத்து, பூஞ்சணத்தை எடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

கரியமில வாயுவை அளப்பது வேறு. அது மலிவு, உடனே தெரியும். பாதுகாப்பு அதிகாரி இன்னொரு கிளையிலிருந்து கையடக்கக் கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்தார். காலை எட்டரைக்கு 500ஐ ஒட்டிக் காட்டியது, மதியம் மூன்றுக்கு 1,900. தொகுப்பின் வரம்பு பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு. அந்த அளவில் வாயு விஷமல்ல. நாம் விட்ட மூச்சு எவ்வளவு நேரம் அறைக்குள்ளேயே சுற்றுகிறது என்பதற்கு அது அடையாளம். வெளியே 400 பங்கு என்று வைத்துக் கணக்கிட்டால், 1,000இல் ஆளுக்கு நொடிக்கு எட்டு ஒன்பது லிட்டர் புதுக்காற்று வருகிறது, 1,900இல் மூன்றரை லிட்டர்தான். மேலாளர் கருவியைக் கையில் வாங்கி இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் எண் சரிந்தது. அவர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன்.

“ஏர்கோன் இத்தனை ஓடுதே, காற்று வரலையா?” என்று கேட்டார். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே உறிஞ்சிக் குளிர வைத்துத் திருப்பித் தள்ளும்.

அலமாரிகளை நகர்த்தி வினைல் தாளை ஒரு முனையில் உரித்தபோது, பின்னால் ஜிப்சம் பலகை இடுப்பளவுக்குக் கறுப்பாக இருந்தது. முன்பக்கத்துத் திட்டு அதில் ஒரு சிறு பங்குதான். எல்லாரும் குழாய் கசிவைத் தேடினார்கள். குழாய் எதுவும் கசியவில்லை. கண்டுபிடித்தவர் கட்டட வேலைக்கு வந்த பெரியவர் ஒருவர். அவர் கழிப்பறையிலும் பாண்ட்ரியிலும் ஓடிய எக்ஸாஸ்ட் ஃபேன்களைக் காட்டினார். அவை நாள் முழுக்கக் காற்றை வெளியே தள்ளுகின்றன. வெளியே போன அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வர வேறு வழி இல்லாததால் கிடங்கின் சூடான ஈரக் காற்றுச் சுவர்ப் பலகைகளின் இடுக்கு வழியாக இழுபட்டது. இந்தப் பக்கம் நாங்கள் ஏர்கோனை 18இல் வைத்திருந்தோம், பலகை 20 பாகைக்கு ஒட்டிக் குளிர்ந்திருந்தது. செரண்டாவில் மதியம் 32 பாகை, 70 விழுக்காடு ஈரப்பதம் என்றால், 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். தே ஐஸ் கிளாஸ் வெளியே வியர்ப்பது போலச் சுவர் உள்ளுக்குள் வியர்த்தது. வினைல் தாள் அந்த ஈரத்தை அறைப் பக்கம் உலர விடாமல் மூடி வைத்தது. ஜிப்சம் பலகையின் மேலுறை காகிதம், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

இது எங்கள் கிடங்கின் தனி அவலம் என்று நினைத்திருந்தேன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்திலும், நம் ஊரைப் போன்ற புழுக்கத்தில், வினைல் தாளும் ஈரக் காற்றும் சேர்ந்து இதையே செய்து ஆட்களை வெளியேற்றியிருக்கின்றன. நம் நாட்டில் 2004இல் ஜொகூர் பாருவில் புதிதாகத் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையையே பூஞ்சணத்தால் மூட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, மருத்துவமனையில் போய்ப் பூஞ்சணமா என்று வீட்டில் சிரித்தோம்.

சரிசெய்தது ஒழுங்காக நடந்ததா என்றால், முக்கால்வாசி. எங்களைக் கேண்டீன் பக்கம் மாற்றினார்கள். அந்தச் சுவரைப் பிளாஸ்டிக் திரை போட்டு மூடி, பலகையை அறுத்து எடுத்து, பையில் கட்டி, அறை வழியாகக் கொண்டுவராமல் கிடங்குப் பக்கமாக வெளியேற்றினார்கள். அதற்குப் பாதுகாப்பு அதிகாரி சண்டை போட வேண்டியிருந்தது, ஏனென்றால் முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மேலே பூஞ்சண எதிர்ப்புச் சாயம் அடித்தால் போதும் என்றார். புதுப் பலகைக்கு வினைல் ஒட்டவில்லை, சாதாரணச் சாயம்தான். ஏர்கோன் 24இல் நின்றது. கிடங்குப் பக்கத்து இடுக்குகளை அடைத்தார்கள்.

வெளிக்காற்றுக்கு ஒரு ஃபேன் வைத்து நேராக அறைக்குள் விடலாம் என்று மேலாளர் சொன்னதை அந்தப் பெரியவர் தடுத்தார். அப்படி விட்டால் கரியமில வாயு குறையும், ஆனால் ஈரத்தை நீங்களே காசு கொடுத்து உள்ளே கொண்டுவருவீர்கள் என்றார். வெளிக்காற்றைக் குளிர்க்குழாய் வழியாக ஓடவிட்டு, அதன் தண்ணீரைப் பிரித்தபிறகுதான் அறைக்குள் விட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். கடைசியில் அப்படி ஒன்றை வைத்தார்கள், நாங்கள் கேட்டதைவிடச் சிறியதாக. மதியம் மூன்றுக்குக் கருவி அதன் பிறகு 1,100ஐச் சுற்றி நின்றது. வரம்புக்குக் கொஞ்சம் மேலேதான்.

தாளை மட்டும் நிறுத்தாமல் எழுதினோம். மூன்று மணித் தலைவலி பெரும்பாலானவர்களுக்குப் போய்விட்டது. சுவரோர வரிசையில் மூக்கடைப்பு குறைந்தது, இரண்டு பேருக்குப் போகவே இல்லை. அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். சரியாகிவிட்டது என்று மேலாளர் தலைமையகத்துக்கு எழுதிய குறிப்பில் அந்த இருவர் இல்லை. மறுபடி ஒரு கடிதம் போன பிறகு ஓர் அடிக்குறிப்பாகச் சேர்ந்தார்கள்.

அக்கா திரும்பி அந்த அறைக்கு வரவில்லை. சுவர் புதிதான பிறகும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார், மாலை எண் விழுந்தது. ஒருமுறை கூர்மையாகிவிட்ட மூச்சுக்குழலுக்கு மிகக் குறைந்த அளவும் போதும் என்று டாக்டர் விளக்கினார். பத்தாங் காலியில் இருந்த சிறிய கிளைக்கு மாற்றல் கேட்டார், கிடைத்தது. பெர்கேசோவில் தொழில்நோய் இழப்பீடு கேட்கலாமா என்று நான் படிவத்தோடு போனேன். டாக்டர் யோசித்துவிட்டு, வேலை இடம் இவருடைய பழைய ஆஸ்துமாவை மோசமாக்கியது என்று என்னால் எழுத முடியும், உண்டாக்கியது என்று எழுத முடியாது, அதற்கு ஆதாரம் இந்தத் தாளில் இல்லை என்றார். அக்கா படிவத்தை வாங்கி இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “விடும்மா, அவர் சொல்றது சரிதான். நாமளும் அப்படித்தானே எழுதினோம்” என்றார். கிளினிக் செலவை யார் கொடுப்பது என்று நான் மேலாளரிடம் தனியாகக் கேட்டேன். அதற்குப் பதில் எழுத்தில் வரவே இல்லை.